பூலின் அடி தெரிகிறதா? ரிசார்ட் நீச்சல் குளத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நடுத்தர ரிசார்ட்டுகளில் பூலுக்கு என்று இரண்டு அல்லது மூன்று பேர்தான் இருப்பார்கள். காலையில் தண்ணீரை டெஸ்ட் செய்வதும், பகலில் விசிலோடு நாற்காலியில் உட்காருவதும், ராத்திரி பம்ப் ரூமைப் பூட்டுவதும் அதே ஆட்கள்தான். பெரிய ஹோட்டல்களில் தண்ணீரைப் பார்க்க இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட் தனியாக இருக்கும். நான் பழகியது முதல் வகை. இந்தக் கட்டுரை அந்த மாதிரி இடத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு.

சேர்ந்த முதல் நாளே ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூலில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது? இங்கே உதாரணத்துக்கு 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஆழம் குறைந்த பக்கம் 0.9 மீட்டர், ஆழமான பக்கம் 1.6 மீட்டர் என்று ஒரு பூலை எடுத்துக்கொள்கிறேன். தரை ஒரே சரிவாக இறங்கினால் சராசரி ஆழம் 1.25 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 90 கன மீட்டர், அதாவது 90,000 லிட்டர். இந்த எண்ணைப் பம்ப் ரூம் சுவரில் பெரிதாக எழுதுங்கள். இது தெரியாமல் போடும் மருந்து எல்லாம் குத்துமதிப்புதான்.

காலை: கிட்டைத் தொடுவதற்கு முன்

முதல் வேலை டெஸ்ட் கிட் இல்லை. ஆழமான பக்கத்துக் கரையில் நின்று அடியைப் பாருங்கள். தரையில் பதித்திருக்கும் மெயின் டிரெயின் மூடியின் துளைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். மூடி இருக்கிறது என்று மங்கலாகத் தெரிந்தால் போதாது. தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்குப் பூலைத் திறக்காதீர்கள், மேனேஜர் சொன்னாலும் திறக்காதீர்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரின் பொது நீச்சல் குளத்தில் ஒரு பெண் மூழ்கினார். லைஃப்கார்டுகள் வேலையில் இருந்தார்கள். தண்ணீர் கலங்கியிருந்ததால் அவர் உடல் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடையில் குளம் திறந்தேதான் இருந்தது, ஜனங்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் கலங்கினால் லைஃப்கார்டு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதனால்தான் தண்ணீர் வேலையும் காவல் வேலையும் இரண்டல்ல, ஒன்று என்கிறேன்.

அந்த மூடியைப் பார்க்கும்போதே அது உடைந்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்ப் அந்த வழியாகத்தான் தண்ணீரை இழுக்கிறது. மூடி இல்லாத டிரெயினில் ஒரு குழந்தையின் முடியோ கையோ மாட்டினால், மேலே இருந்து எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. பம்ப்பை நிறுத்தினால்தான் விடும். ஆகவே பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது பூல் பக்கம் நிற்கும் ஒவ்வொருவருக்கும், டவல் கொடுக்கும் பையனுக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் புதிது வந்து திருகும்வரை பூல் மூடல்தான்.

அடுத்து பம்ப் ரூமில் சாண்ட் ஃபில்டரின் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு மணலைக் கழுவும் பேக்வாஷைச் செய்து முடித்தவுடன் காட்டும் அளவைக் குறித்து வைத்திருக்க வேண்டும். அதைவிட 0.5 பார் அளவுக்கு ஏறிவிட்டால் மணலில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், பேக்வாஷ் செய்ய வேண்டும். பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழிந்துவிடும். பிறகு ஃபில்டர் ஓடும்போதே தண்ணீர் வேஸ்ட் லைனில் கசிந்துகொண்டே இருக்கும்.

டெஸ்ட் செய்யும் முறை

தண்ணீர் எடுக்கும் இடம் முக்கியம். சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் இன்லெட் பக்கத்தில் எடுத்தால் அளவு நல்லதாகத்தான் காட்டும், ஆனால் அது பூலின் நிலை இல்லை. இன்லெட்டிலிருந்து தள்ளி நின்று, டியூபைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை முங்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கே நிமிர்த்துங்கள். மேல் தண்ணீரில் வெயில் குளோரினைத் தின்றிருக்கும், சன்ஸ்க்ரீன் எண்ணெயும் மிதக்கும்.

நிறைய இடங்களில் மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்துக் கிட் இருக்கும். அது மொத்தக் குளோரினை மட்டும்தான் சொல்லும். அதில் எவ்வளவு இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கிறது என்று சொல்லாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டிபிடி 1 மாத்திரையைக் கையால் தொடாமல் டியூபில் போட்டு நசுக்கிக் கரைத்தால் வரும் நிறம் ஃப்ரீ குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது. நிறம் வந்தவுடனே, நல்ல பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதிவிட வேண்டும். அதே டியூபில் டிபிடி 3 மாத்திரையும் போட்டால் மொத்தக் குளோரின் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டுண்ட குளோரின்: வியர்வை, சிறுநீர் இவற்றோடு சேர்ந்து பலம் போனது. பிஎச் பார்க்க இன்னொரு டியூபில் ஃபீனால் ரெட் போட வேண்டும்.

நீங்கள் பிடிக்க வேண்டிய அளவுகள் இவை. ஃப்ரீ குளோரின் 1 முதல் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஒன்று முதல் மூன்று பங்கு. டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை போடும் பூலாக இருந்தால் 2-க்குக் குறையவே கூடாது. பிஎச் 7.2 முதல் 7.8. கட்டுண்ட குளோரின் 0.4 பிபிஎம்முக்குக் கீழே.

குளோரின் அளவை மட்டும் பார்த்துவிட்டு பிஎச்சை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பிஎச் 7.5-ல் இருக்கும்போது ஃப்ரீ குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமாக வேலை செய்யும் வடிவத்தில் இருக்கிறது. அதே பிஎச் 8-க்குப் போனால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கிட்டில் 2 பிபிஎம் என்றுதான் காட்டும், தண்ணீரோ பச்சை கட்டும்.

டிசிசிஏ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது வெயிலில் குளோரின் போகாமல் காக்கும் ஸ்டெபிலைசரோடு வருகிறது. குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் தண்ணீரிலேயே தங்கும். தினமும் 2 பிபிஎம் குளோரினை டிசிசிஏவாகவே போட்டால் மூன்று மாதத்தில் ஸ்டெபிலைசர் 100 பிபிஎம்மைத் தாண்டிவிடும். அதன் பிறகு குளோரின் மந்தமாகிவிடுகிறது. அதைக் குறைக்க மருந்து தேடி அலையாதீர்கள். பூலில் ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை டிபிடி மாத்திரை போட்டும் டியூப் வெள்ளையாகவே இருந்தது. குளோரினே இல்லை என்று முடிவு செய்து முழு டோஸ் போட்டேன். உண்மையில் முந்தின ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் அதிகமாகப் போட்டிருந்தார், எழுதி வைக்கவில்லை. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது டிபிடியின் நிறத்தையே வெளுத்துவிடும். அன்று குளித்த இரண்டு பிள்ளைகளுக்குக் கண் சிவந்து எரிந்தது. டியூப் வெள்ளையாக இருந்தால், பூல் தண்ணீர் ஒரு பங்கோடு குளோரின் இல்லாத கேன் தண்ணீர் நான்கு பங்கு கலந்து மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். இப்போது நிறம் வந்தால் அளவை ஐந்தால் பெருக்குங்கள். மாத்திரை போட்டதும் ஒரு கணம் சிவந்து உடனே மறைந்தாலும் இதே அர்த்தம்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலக் கணக்கு

நம் 90,000 லிட்டர் பூலில் சனிக்கிழமை பகல் முழுக்கக் கூட்டம். சாயங்காலம் ஒரு விருந்தினர் வந்து, "குளோரின் வாசனை தூக்குது, ரொம்ப போட்டுட்டீங்களா?" என்று கேட்கிறார். டெஸ்ட் செய்தால் ஃப்ரீ குளோரின் 0.5, மொத்தம் 1.5, பிஎச் 8.0.

அந்த வாசனை குளோரின் அதிகமானதால் வருவதில்லை. கட்டுண்ட குளோரின் 1.0 இருக்கிறதே, மூக்கை எரிப்பது அதுதான். அதாவது பூலில் குளோரின் பற்றவில்லை. ஃப்ரீ 1-க்குக் கீழே போய்விட்டதால் முதலில் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பூல் அதோடு முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மூடினால் ரிசப்ஷனில் சத்தம் வரும். டெஸ்ட் எழுதிய லாக் புக்கைக் காட்டுங்கள், உங்கள் பக்கம் அதுதான் பேசும்.

அடுத்து பிஎச். 8.0-ல் குளோரின் போட்டால் பாதிக்கு மேல் வீண். பம்ப் ஓடும்போது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரை லிட்டரை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, ஆழமான பக்கத்தில் நடந்துகொண்டே மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் 7.6-க்கு மேல் இருந்தால் இன்னொரு அரை லிட்டர். ஒரே தடவையில் ஊற்றி அளவைத் தாண்டிவிட்டால் திரும்ப சோடா ஆஷ் போட்டு ஏற்ற வேண்டிவரும், ராத்திரி முழுக்க இதே வேலையாகிவிடும்.

அப்புறம் ஷாக் டோஸ். கட்டுண்ட குளோரினை உடைக்க அதைப்போல் பத்து மடங்கு ஃப்ரீ குளோரின் வேண்டும். 1.0-க்குப் பத்து மடங்கு 10 பிபிஎம். ஏற்கெனவே 0.5 இருக்கிறது, ஆகவே 9.5 ஏற்ற வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பது 1 பிபிஎம். நம் பூலுக்கு 1 பிபிஎம் என்றால் 90 கிராம். 9.5-ஐ 90-ஆல் பெருக்கினால் 855 கிராம் சுத்தக் குளோரின். கையில் இருப்பது 65 சதவீதக் குளோரின் உள்ள கால்சியம் ஹைப்போ பவுடர் என்றால் 855-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 1.3 கிலோ வரும். இதை நான்கு பக்கெட்டாகப் பிரியுங்கள். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கலக்கிச் சிறிது நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த தண்ணீரை மட்டும் பூலைச் சுற்றி ஊற்றுங்கள். வெயில் இறங்கியபின் செய்வதுதான் சரி, பகலில் செய்தால் சூரியன் பாதியைத் தின்றுவிடும். பம்ப் விடியவிடிய ஓடட்டும்.

ஞாயிறு காலை ஃப்ரீ குளோரின் 3-க்குக் கீழே இறங்கி, கட்டுண்டது 0.4-க்குள் வந்து, அடி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திறக்கலாம். ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள்.

இந்த மருந்துகளை வைக்கும் இடம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆசிட்டும் குளோரினும் ஒரே பக்கெட்டில், ஒரே குவளையில் படக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பம்ப் ரூமில் அது ஆளைக் கொல்லும். டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போவும் இரண்டும் "குளோரின்தானே" என்று ஒரே டப்பாவில் கொட்டுவார்கள். அவை கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குவளை தனித்தனி, அலமாரி தனித்தனி. ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது.

நாற்காலியில் உட்காரும்போது

சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடி மூச்சு இழுக்கத்தான் போதும், கத்துவதற்கு மிச்சமிருக்காது. அமெரிக்க லைஃப்கார்டான ஃபிராங்க் பியா இதைப் படம்பிடித்து ஆராய்ந்து சொன்னார்: உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது, கைகள் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரைக் கீழே அழுத்தும். இப்படி 20 முதல் 60 நொடிதான் தாக்குப்பிடிப்பார்கள், பிறகு உள்ளே போய்விடுவார்கள்.

நான் அதை நேரில் பார்த்தது ஒரு ஏப்ரல் மாத மதியம். ஐந்து வயதுப் பெண் குழந்தை. அம்மா இரண்டு மீட்டர் தள்ளிப் படியில் உட்கார்ந்து அண்ணன்காரன் குதிப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணாடி மாதிரி நிலைத்த கண்ணோடு, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவதுபோல் கையை அசைத்தது. விளையாடுகிறது என்றே முதலில் நினைத்தேன். "பாப்பா, நல்லா இருக்கியா?" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. குதித்துத் தூக்கினேன். இருமிவிட்டு அழுதது. அம்மாவுக்கு நான் தூக்கும்வரை எதுவுமே தெரியாது. அன்றிலிருந்து என் விதி இதுதான்: கேட்டால் பதில் சொல்லாதவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

லைஃப்கார்டுகளுக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரும் அளவுகோல் ஒன்று உண்டு: 10 நொடிக்குள் ஆபத்தைக் கண்டுபிடி, அடுத்த 20 நொடிக்குள் ஆளிடம் போய்ச் சேர். அதற்கேற்ற மாதிரி உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் பக்கம் உட்கார்ந்தால் அடி தெரியாது, இடத்தை மாற்றுங்கள். பார்வை முதலில் அடிக்கு, பிறகு நடுவுக்கு, கடைசியில் மேல்பரப்புக்கு வரட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், அதற்குமேல் கண் பார்த்தாலும் மனம் பார்க்காது. மாற்றும்போது புதியவர் முதலில் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கட்டும், அதன் பிறகுதான் பழையவர் எழ வேண்டும். போன் லாக்கரில். டவல் எடுத்துத் தரச் சொன்னாலும், ஜூஸ் ஆர்டர் கேட்டாலும், "வேற ஆளை அனுப்புறேன் சார்" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.

ஆபத்து என்றால் நீளமாக ஒரு விசில். கரைக்குப் பக்கம் என்றால் கம்பை நீட்டுங்கள், கொஞ்சம் தள்ளி என்றால் ரிங்கை வீசுங்கள். பிடிக்கத் தெம்பில்லாதவர், சின்னக் குழந்தை, மயங்கியவர் என்றால் மிதவையோடு உடனே இறங்குங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். வயிற்றை அமுக்குவார்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போகும், பொன்னான நிமிடங்கள் வீணாகும். மூழ்கியவருக்குக் குறை ஆக்சிஜன்தான், அதனால் மூச்சுதான் முதலில். தலையைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து ஐந்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, இதே வரிசையில் தொடருங்கள். பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டும். சிபிஆரைப் படித்து வராது, பொம்மை வைத்துச் செய்துதான் வரும். மேனேஜரிடம் பயிற்சி கேளுங்கள். தானாக எழுந்து உட்கார்ந்துவிட்டவரும் இருமிக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

விருந்தினரிடம் சொல்ல வேண்டியவை

சுவரில் இருபது விதி எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. விட்டுக்கொடுக்கக்கூடாதவை சிலவே.

சின்னப் பிள்ளை இருந்தால் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடித்த கைப்பட்டை காவல் இல்லை. "சார், பாப்பா உங்க கைக்கு எட்டுற தூரத்துலயே இருக்கட்டும்" என்று அவர்கள் இறங்கும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு விசில் அடிப்பதைவிட அது மரியாதை.

தலைகீழாகக் குதிக்கக்கூடாது. நம் பூலின் ஆழமான பக்கமே 1.6 மீட்டர்தான். அதில் தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து ஆயுள் முழுக்கப் படுக்கைதான். அப்படி மோதியவர் மூச்சு விடுகிறார் என்றால் அவசரப்பட்டுக் கரையேற்றாதீர்கள். முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்து, உதவி வரும்வரை காத்திருங்கள்.

தண்ணீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை உடனே நிறுத்துங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்தான் இதில் சத்தமில்லாமல் மயங்கி அடியில் கிடப்பார்கள். குடித்தவரை இறக்கக்கூடாது. அவரோடு தனியாக வாதாடாமல் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்கள். காட்டன் சேலை, சுடிதாரோடு இறங்க வருகிற அக்காக்களிடம் கோபப்படாதீர்கள். நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும் என்று காரணத்தைச் சொல்லி, நைலான் உடை வாடகைக்கு இருந்தால் எடுத்துக்காட்டுங்கள். இடி கேட்டால் எல்லோரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் இறங்கக்கூடாது.

டயப்பர் பிள்ளையால் நேர்வதும் உண்டு. மலம் கெட்டியாக இருந்தால் எல்லோரையும் ஏற்றி, வலையால் எடுத்து, ஃப்ரீ குளோரினை 2 பிபிஎம்மிலும் பிஎச்சை 7.5-க்கு மிகாமலும் 25 நிமிடம் வைத்திருந்தால் போதும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரண அளவுக் குளோரினில் பல நாள் உயிரோடு இருக்கும். ஸ்டெபிலைசர் இல்லாத பூலில் 20 பிபிஎம் அளவை ஏறக்குறைய 13 மணி நேரம் பிடிக்க வேண்டும், ஆகவே அன்றைக்குப் பூல் மூடல்.

ராத்திரி கடைசி ஆள் ஏறியதும் பூல் லைட்டை அணைக்காதீர்கள். காலையில் நின்ற அதே இடத்தில் நின்று அடியை ஒருமுறை முழுக்கப் பாருங்கள், படிகளுக்குக் கீழேயும் மூலைகளையும் சேர்த்து. பிறகு கேட்டைப் பூட்டி, லாக் புக்கில் நேரம், ஃப்ரீ, மொத்தம், பிஎச், போட்ட மருந்து, அதன் அளவு, உங்கள் கையெழுத்து. நாளைக் காலை ஷிஃப்டில் வரும் தம்பிக்குத் தெரியப்போவது அந்த வரிதான்.